கடைசி வாக்கியத்தில் நடக்கிற திருட்டு

இன்னைக்கு ஒரே ஒரு பத்தியைப் பத்திதான் பேசப் போறேன். என் ஆய்வேட்டோட மூணாவது அத்தியாயத்துக்கு நான் எழுதின முடிவுரைப் பத்தி. அதைப் படிச்சுட்டு என் சூப்பர்வைசர் கடைசி வரிக்குக் கீழே பென்சிலால கோடு போட்டு, பக்கத்துல ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இதுக்கு ஆதாரம் எந்தப் பக்கத்துல இருக்கு?" தேடினேன். எந்தப் பக்கத்துலயும் இல்லை. அறுபது பக்கம் ஒழுங்கா எழுதிட்டு, கடைசி வரியில அந்த அறுபது பக்கத்துல இல்லாத ஒண்ணைச் சொல்லியிருக்கேன்.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர்ல 'செக்யுலர்'னு சொன்னதும் மதச்சார்பின்மை, அதாவது அரசாங்கம் எந்த மதத்தோட பக்கமும் சாயக்கூடாதுங்கிறதுதான் ஞாபகம் வரும். நான் பேசறது அது இல்லை. செக்யுலரைசேஷன்னு சமூகவியல்ல ஒரு கோட்பாடு இருக்கு. ஒரு சமூகம் நவீனமாக ஆக, அதுல மதத்தோட இடம் சுருங்கிக்கிட்டே போகும்னு அது சொல்லுது. பீட்டர் பெர்கர் 1967-ல இதுக்கு ஒரு முக்கியமான புத்தகம் எழுதினார். பிறகு 1999-ல அவரே "நான் நினைச்சது தப்பு, உலகம் இன்னும் பயங்கர மதப்பற்றோடதான் இருக்கு"ங்கிற மாதிரி மாறிட்டார். ஸ்டீவ் புரூஸ் மாதிரி ஆட்கள் மாறலை. குறைஞ்சது மேற்கு ஐரோப்பாவுக்காவது இது சரின்னுதான் சொல்றாங்க. சண்டை இன்னும் முடியலை. முடியாத சண்டைக்குள்ள தன் அத்தியாயத்தைக் கொண்டுபோய் நிறுத்தும்போது "நான் தீர்ப்பு சொல்லிட்டேன்"னு எழுத ஒரு ஆசை வரும் பாருங்க, அதுதான் பிரச்சினை.

என் அத்தியாயம் இங்கிலாந்து - வேல்ஸ் சென்சஸ் பத்தினது. 2001-ல தான் அங்கே மதம் பத்தின கேள்வி இப்ப இருக்கிற வடிவத்துல வந்துச்சு. அதனால கையில மூணு புள்ளி இருக்கு. கிறிஸ்தவர்னு சொன்னவங்க 2001-ல சுமார் 72 சதவீதம், 2011-ல 59, 2021-ல 46. 'மதம் இல்லை'ன்னு சொன்னவங்க 15, 25, 37. இருபது வருஷத்துல இப்படி ஒரு இறக்கம். பார்த்தா யாருக்கும் கை பரபரக்கும்.

நான் எழுதின கடைசி வரி, தமிழ்ல சொன்னா இதுதான்: "நவீனமயமாதல் பிரிட்டிஷ் சமூகத்தின் நம்பிக்கையை அரித்துவிட்டது என்பதை சென்சஸ் தரவுகள் நிரூபிக்கின்றன."

நல்லா இருக்கு இல்லையா? எனக்கும் பிடிச்சிருந்தது. இப்ப இதை வார்த்தை வார்த்தையாப் பிரிப்போம்.

'நம்பிக்கை'ங்கிற வார்த்தையை எடுங்க. சென்சஸ்ல கேட்டது "உங்கள் மதம் என்ன?"ன்னு மட்டும்தான். கடவுளை நம்பறீங்களா, சர்ச்சுக்குப் போறீங்களான்னு கேட்கலை. பதில் சொல்றதும் கட்டாயம் இல்லை. 2021-ல 6 சதவீதம் பேர் அந்தக் கேள்வியை விட்டுட்டாங்க. இன்னொண்ணு, பல வீடுகள்ல ஒருத்தரே உட்கார்ந்து மொத்தக் குடும்பத்துக்கும் படிவத்தை நிரப்புவாங்க. அதாவது ஒரு பதினாறு வயசுப் பொண்ணோட மதம்னு பதிவானது அவங்க அம்மா டிக் அடிச்சதா இருக்கலாம்.

இதோட தாக்கம் சின்னது இல்லை. பிரிட்டிஷ் சோஷியல் ஆட்டிட்யூட்ஸ்னு ஒரு சர்வே இருக்கு. அதுல கேள்வி வேற மாதிரி: நீங்க ஏதாவது ஒரு மதத்தைச் சேர்ந்தவர்னு உங்களை நினைக்கிறீங்களா, ஆமான்னா எது? 2011 வாக்குல சென்சஸ்ல 'மதம் இல்லை' கால்வாசின்னா, இந்த சர்வேல ஏறக்குறைய பாதி. அது ஸ்காட்லாந்தையும் சேர்த்த, பெரியவங்களை மட்டும் கேட்கிற சர்வே, சரிதான். ஆனா அந்த வித்தியாசத்தை மட்டும் வச்சு இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்க முடியாது. "உங்கள் மதம் என்ன?"ன்னு கேட்டா உங்களுக்கு ஒண்ணு இருக்குன்னே கேள்வி எடுத்துக்குது. "ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டா இல்லைன்னு சொல்ல வழி திறந்திருக்கு. ஞானஸ்நானம் வாங்கி, அதுக்கப்புறம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் சர்ச் வாசலை மிதிக்கிற ஒருத்தர், முதல் கேள்விக்கு 'கிறிஸ்தவர்'னும் ரெண்டாவது கேள்விக்கு 'இல்லை'ன்னும் சொல்வார். ரெண்டுலயும் அவர் பொய் சொல்லலை.

அப்போ நான் அளந்தது நம்பிக்கையை இல்லை. ஒரு படிவத்துல ஜனங்க தங்களை என்னன்னு அடையாளப்படுத்திக்கிட்டாங்கங்கிறதை. கிரேஸ் டேவி 1994-ல எழுதின புத்தகத்தோட மொத்த வாதமுமே, சர்ச்சை விட்டுப் போறதும் நம்பிக்கையை விடறதும் ஒண்ணு இல்லைங்கிறதுதான். அவங்களை நான் முதல் அத்தியாயத்துல பத்து பக்கத்துக்கு மேற்கோள் காட்டியிருக்கேன். மூணாவது அத்தியாயத்து கடைசி வரியில மறந்துட்டேன்.

அடுத்து 'அரித்துவிட்டது'. இந்த வார்த்தைக்குள்ள ஒரு படம் ஒளிஞ்சிருக்கு. நம்பிக்கையோட இருந்த ஒரு ஆள், கொஞ்சம் கொஞ்சமா அதை இழக்கிறார். 2011-ல இருந்து 2021-க்குள்ள கிறிஸ்தவர் 13 புள்ளி குறைஞ்சு, 'மதம் இல்லை' 12 புள்ளி ஏறியிருக்கு. பார்த்தவுடனே இங்கிருந்து அங்கே நடந்து போயிட்டாங்கன்னு தோணும். ஆனா நான் வச்சிருந்த அட்டவணைகள் ஒரே ஆளைப் பத்து வருஷம் கழிச்சுத் திரும்பிப் பார்க்கலை. ரெண்டு தனித்தனிப் புகைப்படம் அது. நடுவுல வயசானவங்க இறந்திருக்காங்க, குழந்தைங்க பிறந்திருக்காங்க, வெளிநாட்டுல இருந்து ஆட்கள் வந்திருக்காங்க, சிலர் உண்மையாவே மாறியிருக்காங்க. எல்லாத்தையும் கூட்டிக் கழிச்ச மிச்சம்தான் அந்த எண்.

இதுல எது முக்கியம்னு ஊகிக்க ஒரு துப்பு இருக்கு. 2021-ல கிறிஸ்தவர்களோட மீடியன் வயசு 51. 'மதம் இல்லை'ங்கிறவங்களுக்கு 32. டேவிட் வோஸும் அலஸ்டர் க்ராக்கெட்டும் 2005-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க கையில ஒரே குடும்பங்களை வருஷா வருஷம் பின்தொடர்ந்த தரவு இருந்துச்சு. அவங்க கண்டது, ஆட்கள் தங்கள் வாழ்நாள்ல பெருசா மாறலை, ஒவ்வொரு புதுத் தலைமுறையும் முந்தினதை விடக் குறைஞ்ச மதப்பற்றோட வருது. அப்பா அம்மா ரெண்டு பேரும் மதப்பற்று உள்ளவங்களா இருந்தாலும் பிள்ளைக்கு அது போய்ச் சேர்றது ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். 'அரிப்பு'ங்கிறதை விட 'கைமாறாம போறது'ங்கிறது இதுக்குப் பொருத்தமான படம். ஆனா கவனிங்க, இதைக் காட்டினது அவங்க தரவு. என்னோடது அதுக்கு ஒத்துப்போகுது, அவ்வளவுதான். "என் ஆய்வு காட்டுகிறது"ன்னு எழுதினா அது அவங்க உழைப்பை நான் என் பேர்ல போட்டுக்கிறது.

மூணாவது, எல்லாத்தையும் விடப் பெரிய திருட்டு, 'நவீனமயமாதல்'. என் அத்தியாயத்துல நவீனமயமாதல்னு ஒரு மாறி இல்லவே இல்லை. வருமானம் இல்லை, படிப்பு இல்லை, நகரம் கிராமம் இல்லை. வருஷம் மட்டும்தான் இருக்கு. வருஷம் ஓடுறதையே நவீனமாகிறதுன்னு எடுத்துக்கிட்டேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உதவிச்சு: என் எண்களை என் எதிராளி கையில கொடுத்துப் பார்க்கிறது. கேலம் பிரவுன்னு ஒரு வரலாற்றாசிரியர். தொழில்மயமானதால மெதுமெதுவா மதம் தேயலை, 1963 வாக்குல திடீர்னு உடைஞ்சுது, குறிப்பா பெண்கள் பழைய பக்தி அடையாளத்தை விட்டு விலகினதால உடைஞ்சுதுன்னு சொல்றார். இப்ப 72, 59, 46ங்கிற எண்களை அவர்கிட்ட கொடுத்தா என்ன சொல்வார்? "ஆமா, நான் சொன்னதுதானே"ம்பார். புரூஸ்கிட்ட கொடுத்தா அவரும் அதையேதான் சொல்வார். ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற சண்டை 1963-க்கு முன்னாடி கோடு எப்படி இருந்துச்சுங்கிறதுல. என்னோட முதல் புள்ளியே 2001. எதிரெதிர் ஆட்கள் ரெண்டு பேரும் சந்தோஷமா வாங்கிக்கிற தரவு, அவங்களுக்குள்ள பஞ்சாயத்து பண்ண முடியாது.

கோட்பாடும் ஒத்தைக்கட்டை இல்லை. ஹோசே காஸனோவா 1994-ல அதை மூணாப் பிரிச்சார்: அரசு, சந்தை, அறிவியல் மாதிரி துறைகள் மதத்துல இருந்து பிரியறது ஒண்ணு, ஜனங்களோட மத ஈடுபாடு குறையறது ஒண்ணு, மதம் பொதுவெளியை விட்டு வீட்டுக்குள்ள போறது ஒண்ணு. என் தரவு நடுவுல இருக்கிறதோட ஒரு ஓரத்தை மட்டும் தொடுது. 46 சதவீதமா இறங்கின அதே 2021-ல பிரிட்டிஷ் மேல்சபையில சர்ச் ஆஃப் இங்கிலாந்து பிஷப்களுக்கு 26 இடம் இருந்துச்சு. நான் "பிரிட்டிஷ் சமூகம்"னு மொத்தமா எழுதினப்போ முஸ்லிம்களையும் விட்டுட்டேன். அதே பத்து வருஷத்துல அவங்க பங்கு 4.9-ல இருந்து 6.5 சதவீதமா ஏறியிருக்கு.

இதெல்லாம் புரிஞ்சதும் நான் பண்ணது அடுத்த தப்பு. பயந்துபோய், "ஒருவேளை ஓரளவு குறைந்திருக்கலாம் என்று கருத வாய்ப்புண்டு"ன்னு எழுதினேன். சூப்பர்வைசர் சிரிச்சுட்டார். "மூணு கோடியே 33 லட்சம் பேர் ரெண்டு கோடியே 75 லட்சம் ஆயிட்டாங்க, இதுல என்னம்மா ஒருவேளை?" அவர் சொன்னது சரி. நாடு முழுக்கக் கேட்ட கணக்கு அது, ஆயிரம் பேரைக் கேட்ட சர்வே இல்லை. இறக்கத்தைச் சொல்ற இடத்துல தயங்க வேண்டியதில்லை. அதுக்குக் காரணம் சொல்ற இடத்துலதான் தயங்கணும். 'இருக்கலாம்'ங்கிறதை உப்பு மாதிரி எல்லா வரியிலயும் தூவினா, எந்த வரியில உண்மையான சந்தேகம் இருக்குன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாமப் போயிடும். அதேபோல வரம்புகள்னு தனியா ஒரு பகுதி எழுதி, அங்கே பாவமன்னிப்பு கேட்டுட்டு, அடுத்த பத்தியில பழையபடி கர்ஜிக்கிறதும் வேலைக்கு ஆகாது. வரம்பு எந்த வாக்கியத்தைக் கட்டுப்படுத்துதோ அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கணும்.

கடைசியா நின்ன பத்தியை அப்படியே படிக்கிறேன். எழுத்துத் தமிழ்ல இருக்கும், பொறுத்துக்கோங்க:

"இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001-க்கும் 2021-க்கும் இடையில் தம்மைக் கிறிஸ்தவர் என்று பதிவுசெய்தவர்களின் பங்கு பெருமளவு குறைந்தது, மதம் இல்லை என்றவர்களின் பங்கு ஏறக்குறைய அதே அளவு உயர்ந்தது. சென்சஸ் கேள்வி அடையாளத்தை மட்டுமே கேட்பதால், நம்பிக்கையிலோ வழிபாட்டிலோ ஏற்பட்ட மாற்றத்தை இதிலிருந்து அறிய முடியாது. இரு பிரிவினரின் வயது வேறுபாடு, வோஸும் க்ராக்கெட்டும் காட்டிய தலைமுறை மாற்றத்தோடு பொருந்துகிறது. ஆனால் தனிநபர்கள் மாறியதையும் தலைமுறைகள் மாறியதையும் இந்த அட்டவணைகளால் பிரித்துக் காட்ட இயலாது. இந்த இறக்கம் படிப்படியான தேய்வின் தொடர்ச்சியா, 1960-களின் உடைவின் விளைவா என்பதை முடிவுசெய்ய அதற்கு முந்தைய பிறப்புத் தலைமுறைகளின் தரவு தேவை. அடுத்த அத்தியாயம் அதை எடுத்துக்கொள்கிறது."

பழைய வரி அளவுக்கு இதுல கம்பீரம் இல்லைதான், ஒத்துக்கறேன். ஆனா வைவால ரெண்டாவது தேர்வாளர் இந்தப் பக்கத்தைத் திருப்பி, "சரி, அப்போ 1960-க்கு முன்னாடி என்ன ஆச்சு?"ன்னு கேட்டார். அந்தக் கேள்விக்கு என்கிட்ட நாலாவது அத்தியாயம் இருந்துச்சு.