ஆறு பக்க நோட்டும் ஒரு பக்கத் தாளும்

உத்திரமேரூர்ல நம்ம குழு முறுக்கு, இட்லிப்பொடி விக்கிறோம். வாங்கினவங்க சொல்றதை நான்தான் நோட்டில் எழுதுவேன். முதல் வாரம் ஆறு பக்கத்தையும் அப்படியே மேலாளர் மேடத்துகிட்ட நீட்டினேன். புரட்டிட்டு வச்சுட்டாங்க. நானே படிச்சிருக்க மாட்டேன்!

அடுத்த வாரம் 41 பேச்சு. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துக் கோடு போட்டு எண்ணினேன். விலை அதிகம்னு ஏழு இடத்தில் இருந்தது. பார்த்தா அதில் நாலு ஒரே அண்ணன் சொன்னது. அதனால ஆளைத்தான் எண்ணணும். முறுக்கு நமுத்துப்போச்சுன்னு 14 பேர். வாங்கின தேதியைப் பார்த்தேன். அதில் 11 பேர், ஒட்டுற மிஷின் பழுதாகி நாம பின் அடிச்சுக் கொடுத்த ரெண்டு நாளில் வாங்கினவங்க.

தாளில் முதல் வரியே, "மிஷினைப் பழுது பார்க்க அனுமதி வேண்டும்". கீழே எண்ணிக்கை, காரணம், ஒரு பாட்டி சொன்னது அப்படியே: "பல்லுக்கு நல்லாத்தான் இருக்கு, முறுக்குதான் இல்ல." பொடியில் வண்டுன்னு சொன்னது ஒருத்தர்தான். ஆனாலும் அதைத் தனியா எழுதினேன். அதை எண்ணிக்கை பார்த்து விட முடியாது. எதுவும் சொல்லாம போனவங்க இந்தக் கணக்கில் இல்லைன்னும் கடைசியில் ஒரு வரி.

மேடம் நின்னுகிட்டே படிச்சு, அங்கேயே கையெழுத்து போட்டாங்க.