பழைய அலகைப் புதிய அலகால் எழுதுவோம்: அடுக்கள மாற்று அணியும் சரிபார்ப்பும்

தொடக்க வகுப்பில் 3 மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றச் சொல்லும்போது என்ன செய்கிறோம்? முதலில் 1 மீட்டர் என்பது 100 சென்டிமீட்டர் என்று எழுதுகிறோம். அதாவது, பழைய அலகைப் புதிய அலகால் எழுதுகிறோம். பிறகு 3-ஐ 100-ஆல் பெருக்குகிறோம். எண் 300 ஆகிறது. ஆனால் துணியின் நீளம் மாறவில்லை. இன்று நான் பேசப்போகும் அடுக்கள மாற்று அணியும் இதே வேலையைத்தான் செய்கிறது. இங்கே அலகு ஒன்றல்ல, இரண்டு. அதனால் ஓர் எண்ணுக்குப் பதிலாக ஓர் அணி தேவைப்படுகிறது.

ஒரு தளத்தில் ஒரே கோட்டில் அமையாத இரண்டு வெக்டர்களை எடுத்துக்கொண்டால், தளத்தின் எந்த வெக்டரையும் அவற்றின் மடங்குகளின் கூடுதலாக ஒரே ஒரு வழியில் எழுதலாம். அந்த இரண்டும் சேர்ந்தது ஓர் அடுக்களம். கல்லூரியில் 'பேஸிஸ்' என்று படித்தது இதுதான். எத்தனை மடங்கு என்று சொல்லும் அந்த இரு எண்களே ஆயத்தொலைகள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பழைய அடுக்களம் B: b₁ = (3, 1), b₂ = (1, 3). புதிய அடுக்களம் C: c₁ = (2, 1), c₂ = (1, 1). B-யில் ஒரு வெக்டரின் ஆயத்தொலைகள் (2, 1) எனில், C-யில் அவை என்ன?

பழைய அலகுகளைப் புதிய அலகுகளால் எழுத வேண்டும். b₁ = x c₁ + y c₂ என்று கொண்டால் 2x + y = 3, x + y = 1. இதிலிருந்து x = 2, y = −1. b₂-க்கு 2x + y = 1, x + y = 3. இங்கே x = −2, y = 5. கிடைத்த விடைகளை நிரல்களாக நிறுத்தினால் அணி தயார்:

```
P = |  2  -2 |
    | -1   5 |
```

இந்த அணியால் (2, 1) என்ற நிரலைப் பெருக்கினால் 4 − 2 = 2, −2 + 5 = 3. ஆகவே புதிய ஆயத்தொலைகள் (2, 3).

இது சரியா? மாணவர்கள் பொதுவாகச் செய்வது, P-யின் நேர்மாறால் பெருக்கி (2, 1) திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. இந்தச் சோதனையில் ஓர் ஓட்டை இருக்கிறது. விடைகளை நிரல்களாக நிறுத்தாமல் நிரைகளாக எழுதிவிட்ட மாணவரை நினைத்துப் பாருங்கள். இது அடிக்கடி நிகழும் பிழை. அவரிடம் இருக்கும் அணி இது:

```
Q = |  2  -1 |
    | -2   5 |
```

இது (2, 1)-ஐ (3, 1) ஆக்கும். Q-வின் நேர்மாறால் பெருக்கினால் (3, 1) அழகாக (2, 1)-க்கே திரும்பிவிடும். சோதனை தேறிவிட்டது, விடையோ தவறு. நேர்மாறு உள்ள எந்த அணியும் போன வழியே திரும்பி வரும். போன இடம் சரியா என்பதை அது சொல்லாது.

ஆகவே துணியையே அளக்க வேண்டும். அதாவது வெக்டரையே இரு பக்கமும் கட்டிப் பார்க்க வேண்டும். B-யில் 2b₁ + b₂ = (6, 2) + (1, 3) = (7, 5). C-யில் 2c₁ + 3c₂ = (4, 2) + (3, 3) = (7, 5). இரண்டும் ஒன்றே; விடை சரி. Q தந்த (3, 1)-ஐ எடுத்தால் 3c₁ + c₂ = (6, 3) + (1, 1) = (7, 4). பிழை உடனே தெரிந்துவிடுகிறது.

திசை மாறிய பிழையையும் இதே சோதனை காட்டிக்கொடுக்கும். P-க்குப் பதிலாக அதன் நேர்மாறைப் பயன்படுத்தியவருக்கு (1.5, 0.5) வரும். அதை C-யில் கட்டினால் (3.5, 2) கிடைக்கும், (7, 5) அல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு வெக்டரைச் சோதித்தால் அந்த ஒரு விடைதான் உறுதியாகும், அணி முழுவதும் அல்ல. (1, 0) என்ற வெக்டரை எடுத்தால் முதல் நிரல் மட்டுமே கணக்கில் வரும். இரண்டாம் நிரலில் எந்தப் பிழை இருந்தாலும் தெரியாது. அணியையே சரிபார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு நிரலையும் கட்டிப் பாருங்கள்: 2c₁ − c₂ = (3, 1), இது b₁. −2c₁ + 5c₂ = (1, 3), இது b₂. இரு நிரல்களும் சரியென்றால் எல்லா வெக்டர்களுக்கும் அணி சரி. ஏனெனில் மற்ற வெக்டர்கள் எல்லாம் b₁, b₂ இவற்றின் மடங்குகளைக் கூட்டி வருபவையே.

மேல்நிலை வகுப்பில் வெக்டரும் அணியும் கற்பிப்பவர்கள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடும்போது, P-க்குப் பக்கத்தில் Q-வையும் எழுதுங்கள். எது தவறு என்று நீங்கள் சொல்ல வேண்டாம். (7, 5) வருகிறதா என்று மாணவர்களே கட்டிப் பார்க்கட்டும்.