சிறுவாட்டுக்கு ஒரு கணக்கு

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் இனிச் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். அடுத்த சில நாட்களில் நம் வீடுகளில் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அரிசிப் பானையின் அடியிலும், பட்டுப்புடவை மடிப்பிலும், சாமி படத்துக்குப் பின்னாலும் இருந்த சிறுவாட்டுப் பணத்தைப் பெண்கள் எடுத்து வெளியே வைக்க வேண்டியதாயிற்று. காய்கறிக் கணக்கில் பத்து, பால் கணக்கில் இருபது, அண்ணன் தீபாவளிக்குக் கொடுத்தது என்று பல வருடங்களாகச் சேர்ந்த பணம் அது. தங்கள் பெயரில் கணக்கு இல்லாதவர்கள் அதைக் கணவரிடமோ மகனிடமோ கொடுத்து மாற்றச் சொன்னார்கள். அந்தப் பணம் அந்த ஆண்களுடைய கணக்கில் போய்ச் சேர்ந்தது. திரும்ப வந்ததா என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது. நம் இல்லத்தரசிகளுக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொல்பவர்களுக்கு அந்த நவம்பர் மாதமே பதில். சேமிக்கும் பழக்கம் அவர்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது. சேர்த்ததைத் தங்களுடையது என்று காட்ட ஓர் இடம்தான் இல்லை.

இன்று அந்த நிலை மாறிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 92 சதவீதம் பேர் தாங்களே பயன்படுத்தும் சேமிப்புக் கணக்கு இருப்பதாகச் சொன்னார்கள். 2023 செப்டம்பர் 15ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் வரத் தொடங்கியது. ஆனால் அதே ஆய்வில், தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி இருப்பதாகச் சொன்னவர்கள் நான்கில் மூன்று பேர்தான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பாஸ்புக்கில் அம்மாவின் பெயர் இருக்கும்; ஏ.டி.எம். அட்டை மகனின் பர்ஸில் இருக்கும். பணம் எடுத்ததும் குறுஞ்செய்தி அப்பாவின் கைப்பேசிக்குப் போகும். அப்படிப்பட்ட கணக்கு அவர் பெயரில் இருந்தாலும் அவர் கையில் இல்லை. வருமானம் இல்லாத ஒரு பெண்ணின் சேமிப்பு நிலைக்க வேண்டுமானால், அந்தக் கணக்கு அவர் ஒருவர் பெயரில், அவருடைய கைப்பேசி எண்ணோடு, அவர் மட்டும் அறிந்த ரகசிய எண்ணோடு இருக்க வேண்டும். மாதம் முடிந்து மிஞ்சியதைப் போடுவதாக இல்லாமல், பணம் கைக்கு வந்த அன்றே ஒரு பகுதி எளிதில் எடுக்க முடியாத இடத்துக்குப் போய்விட வேண்டும். நான் வாதிட வருவது இவ்வளவுதான்.

முதலில் கணக்கைத் தொடங்குவது. சேமிப்புக் கணக்குக்குச் சம்பளச் சான்று தேவையில்லை. ஆதார் அட்டை, புகைப்படம், பான் அட்டை போதும். பான் இல்லையென்றால் அதற்குப் பதிலாக ஓர் உறுதிமொழிப் படிவம். தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதியதற்காக எந்த வங்கியும் மறுக்கக் கூடாது. வங்கியில் ‘ஜீரோ பேலன்ஸ்’ கணக்கு, அதாவது அடிப்படை சேமிப்புக் கணக்கு வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். பெயர் சொல்லாமல் கேட்டால், குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டிய சாதாரணக் கணக்கைத் திறந்து கொடுத்துவிடலாம். அதில் 1000 ரூபாய் வந்ததும் அபராதத்துக்கே ஒரு பகுதி போய்விடலாம். தபால் அலுவலகத்தில் 500 ரூபாய் போட்டுத் தொடங்கி, அந்த 500ஐ எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் கால்தடுக்கும் இடம் பெயர்தான். ஆதாரில் கணவர் பெயரோடு, பான் அட்டையில் அப்பாவின் இனிஷியலோடு, ரேஷன் அட்டையில் வேறு எழுத்துக்கோர்வையோடு இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரலாம். கவுண்டருக்குப் போகும் முன்னால் ஆதாரையும் பானையும் ஒன்றுபோல ஆக்கிக்கொள்வது பல நடைகளை மிச்சப்படுத்தும். ஏற்கெனவே கணக்கு இருந்தால் புதிதாகத் தொடங்க வேண்டியதே இல்லை. கைப்பேசி எண்ணைத் தன் எண்ணாக மாற்ற ஒரு விண்ணப்பம், அட்டையின் ரகசிய எண்ணை மாற்ற ஏ.டி.எம்.மில் சில நிமிடம். இரண்டும் முடிந்தால் அந்தக் கணக்கு அன்றே கைமாறிவிடுகிறது.

அடுத்தது பழக்கம். இங்கே மன உறுதியை நம்பக் கூடாது என்பது என் கருத்து. பிலிப்பைன்ஸின் மிண்டானாவோ தீவில் ஒரு வங்கி, தன் வாடிக்கையாளர்களில் சிலருக்கு ஒரு தனிக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தது. அவர்களே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை அதிலிருந்து பணம் எடுக்க முடியாது. வட்டி கூடுதல் இல்லை. கட்டுப்பாடு மட்டும்தான் கூடுதல். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தக் கணக்கு கொடுக்கப்பட்டவர்களின் சராசரிச் சேமிப்பு, கொடுக்கப்படாதவர்களைவிட 81 சதவீதப் புள்ளிகள் அதிகமாக உயர்ந்திருந்தது. அதற்குப் பிந்தைய ஆய்வில், வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியிருந்ததும், தையல் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம் போன்ற அவர்களுக்குப் பயன்படும் பொருள்கள் வாங்கப்பட்டதும் தெரிந்தன. கையில் இருக்கும் பணத்துக்கு வீட்டில் ஆயிரம் தேவை முளைக்கும். கைக்கு எட்டாத பணத்தை யாரும் கேட்பதில்லை.

நம்மிடம் அதே வேலையைச் செய்வது தொடர் வைப்பு. எல்லோரும் சொல்வதுபோல ஆர்.டி. தபால் அலுவலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம். காலம் 5 வருடம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உரிமைத் தொகை 1000 ரூபாயில் 300 வீட்டுக்கு, 200 சேமிப்புக் கணக்கில் அப்படியே, 500 ஆர்.டி.க்கு என்று வைத்துக்கொள்வோம். 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த 6.7 சதவீத வட்டியில், 60 மாதம் கட்டிய 30,000 ரூபாய் முதிர்வில் சுமார் 35,680 ஆகும். தொடங்கும் நாளின் வட்டியே ஐந்து வருடமும் நீடிக்கும். தொடங்கும் தேதியில் ஒரு நுணுக்கம் உண்டு. மாதத்தின் 15ஆம் தேதிக்குள் தொடங்கிய ஆர்.டி.க்கு ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 16ஆம் தேதி அல்லது அதற்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசி வேலை நாள்வரை கட்டலாம். உரிமைத் தொகை 15ஆம் தேதியை ஒட்டி வருவதால், 16க்குப் பிறகு தொடங்குவதே இல்லத்தரசிக்கு ஏற்றது. ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம், 500க்கு 5 ரூபாய் அபராதம். நான்கு தவணைகள் தவறினால் கணக்கு நின்றுவிடும். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும். மாதம் ஒதுக்கிய அந்த 200 ரூபாய் இதற்குத்தான். ஒரு வருடத்தில் 2400 ரூபாய் சேர்ந்திருக்கும். பள்ளிக் கட்டண மாதத்திலும் பொங்கல் மாதத்திலும் தவணையை அது தாங்கும். இன்னும் பெரிய அவசரம் வந்தால், 12 தவணை கட்டிய பிறகு கட்டியதில் பாதிவரை கடன் வாங்கலாம். மூன்று வருடத்துக்குப் பிறகு முன்கூட்டியே முடிக்கலாம். ஆனால் அப்போது சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும்.

வீட்டுக்கே வந்து ஆர்.டி. தவணை வாங்கிச் செல்லும் மகளிர் முகவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். வெளியே போக நேரமில்லாதவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் முகவர் அட்டையில் போட்ட கையெழுத்து, பணம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி ஆகாது. தபால் அலுவலகப் பாஸ்புக்கில் பதிவு விழுந்திருக்கிறதா என்று சில மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். வங்கிப் பாஸ்புக்கிலும் பார்க்க வேண்டிய வரிகள் உண்டு. வருடம் ஒருமுறை 436 ரூபாயோ 20 ரூபாயோ கழிந்திருந்தால் அவை மத்திய அரசின் ஆயுள், விபத்துக் காப்பீட்டுத் திட்டங்களின் சந்தா. நல்ல திட்டங்கள்தான். தான் கையெழுத்திட்டுக் கேட்டதா என்பது மட்டும் கணக்கு வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். சம்பாதிப்பது கணவர், பணம் அவருடையது, அதை மனைவி தன் பெயரில் போடுவது எப்படி நியாயம் என்பது முதல் கேள்வி. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தொட்டது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்தார். மனைவி இங்கே குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் வாங்கிய சொத்தில், வீட்டு வேலையால் மனைவியும் பங்களித்திருக்கிறார், எனவே அவருக்குச் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. சிறுவாட்டைப் பற்றிய வழக்கல்ல அது. என்றாலும் ஒருவர் சம்பாதிக்க இன்னொருவரின் உழைப்பு காரணம் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, மாதம் 500 ரூபாயைத் திருட்டுபோலப் பேச இடமில்லை. வருமான வரித் துறை கேட்குமோ என்ற பயமும் உண்டு. 2016இல் 2,11,500 ரூபாய் போட்ட ஓர் இல்லத்தரசியிடம் அதைக் கணக்கில் வராத வருமானம் என்றது துறை. அது பல வருடச் சிறுசேமிப்பு என்று ஏற்று, 2021இல் ஆக்ரா வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது.

கூட்டுக் கணக்கு போதாதா என்பது அடுத்த கேள்வி. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.வி. நாகரத்னா, இல்லத்தரசிகளுக்குக் கூட்டுக் கணக்கும் ஏ.டி.எம். அட்டையும் தரவேண்டும் என்று கணவர்களுக்கு எடுத்துச் சொன்னார். வீட்டுச் செலவுக்கு அதுவே சரி. ஆனால் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டில், ஒருவரே முழுவதையும் எடுத்துவிட முடியும். குடியால் பணம் கரையும் வீட்டில் அதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தனிக் கணக்கு இருந்தால் கணவன் மனைவிக்குள் ஒளிவுமறைவு வராதா என்றும் கேட்பார்கள். ஒளித்து வைத்தது அரிசிப் பானைதான். கணக்கு பெயரோடும் தேதியோடும் இருக்கிறது. நம்பிக்கையுள்ள வீட்டில் பாஸ்புக்கை மேசைமேல் வைக்கலாம். நம்பிக்கை இல்லாத வீட்டில், மனைவியின் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகாது.

தெருச் சீட்டு இதைவிட லாபம் என்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே தவணை தவறினால் நாலு பேர் கேட்பார்கள், அதனாலேயே கட்டுகிறோம். ஆனால் பதிவு செய்யாத சீட்டை நடத்துபவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் பிடித்து நிறுத்த ஒரு காகிதம்கூடக் கையில் இருக்காது. சீட்டு கட்டியே ஆக வேண்டும் என்பவர்கள் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று பார்த்துச் சேரட்டும், ஆர்.டி.யை அதற்காக நிறுத்த வேண்டாம்.

ஐந்து வருடம் முடியும்போது ஆர்.டி. முதிர்வுத் தொகை போய்ச் சேர, இல்லத்தரசியின் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு வருடம் அவராக எந்தப் பணமும் போடாமல் எடுக்காமல் விட்டால் வங்கி அதைச் செயலற்ற கணக்காக மாற்றிவிடும். மாதாமாதம் வீட்டுக்கும் ஆர்.டி.க்கும் பணம் எடுப்பதே அதைத் தவிர்த்துவிடுகிறது. 35,680 ரூபாய் உடனே தேவைப்படாவிட்டால், அதே ஆர்.டி.யை அதே வட்டியில் இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்க விண்ணப்பம் கொடுக்கலாம். முதல் ஐந்து வருடத்தைப் போலல்லாமல், இந்த நீட்டிப்புக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். முழுதாக முடிந்த வருடங்களுக்கு ஆர்.டி. வட்டியே கிடைக்கும்.