ஒலியில்லாத திரையில் ஒரு சிரிப்பு

கோப்பிக்கடையில் தொலைக்காட்சி ஓடுகிறது, சத்தம் கேட்கவில்லை. வீட்டில் காது மந்தமான பாட்டி திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர்களும் சிரிக்க வேண்டுமென்றால், வசனத்தை அப்படியே அச்சடித்தால் போதுமா? ஒரு சிறிய நகைச்சுவைக் காட்சியை எடுத்துக்கொள்வோம்.

மனைவி சமையலறையிலிருந்து கணவனுக்குத் தொலைபேசியில் சொல்கிறாள்: "வரும்போது புளி வாங்கிட்டு வாங்க." பக்கத்தில் மிக்சி ஓடுகிறது. கணவன் "சரி" என்கிறான். மாலையில் கதவு திறக்கிறது. அவன் கையில் ஒரு பொம்மைப் புலி!

காதால் கேட்பவருக்குப் புளியும் புலியும் கிட்டத்தட்ட ஒரே ஒலிதான். அந்தக் குழப்பத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது. ஆனால் திரையில் 'ளி' என்று எழுதியதுமே குழப்பம் தீர்ந்துவிடுகிறது. சத்தமில்லாமல் பார்ப்பவர், "புளி என்று தெளிவாகத்தானே சொன்னாள், இவன் ஏன் புலியை வாங்கினான்?" என்று விழிப்பார்.

அவருக்குக் கிடைக்காமல் போனது மிக்சியின் சத்தம். அதனால் மனைவியின் வசனத்தோடு "(மிக்சி ஓடும் சத்தம்)" என்றும் எழுத வேண்டும். வசனமில்லாத ஒலி கதைக்குக் காரணமாக இருந்தால், அதற்கும் ஒரு வரி உண்டு.

அடுத்தது நேரம். தொலைபேசிக் காட்சியிலேயே கணவனின் தலைக்கு மேல் "புலி" என்று போட்டுவிட்டால், கதவு திறக்கும் முன்பே குட்டு வெளிப்பட்டுவிடும். கதவு திறந்ததும் ஒரு விநாடி எழுத்தே வேண்டாம். கண் முதலில் பொம்மையைப் பார்க்கட்டும். அதன்பின் மனைவி பேசும்போது, "நான் கேட்டது புளி!" என்ற வரி வரட்டும். அவள் வெறும் "ஐயோ" என்று மட்டும் சொன்னால், "கேட்டது புளி, வந்தது புலி" என்று வேறு நிறத்தில் ஒரு குறிப்பு போடலாம். இரண்டு முழு வரிகளைப் படிக்க ஆறு விநாடி என்பது தொலைக்காட்சியின் பழைய கணக்கு. இந்தச் சிறு குறிப்புக்கு இரண்டு, மூன்று விநாடி போதும்.

மலாயில் எழுதும்போது சிக்கல் வேறு. புளி அங்கே 'அசாம் ஜாவா', புலி 'ஹரிமாவ்'. இரண்டுக்கும் ஒலியில் உறவே இல்லை. பொம்மை திரையில் தெரிவதால் பொருளை மாற்றவும் முடியாது. ஆனால் ரோமன் எழுத்தில் இரண்டையும் puli என்றே எழுதலாம்! தொலைபேசிக் காட்சியில் puli என்று எழுதி, அருகில் 'அசாம் ஜாவா' என்று பொருள் தரலாம். கதவருகே அதே puli, பக்கத்தில் 'ஹரிமாவ்'. தமிழ் எழுத்து கலைத்துவிட்ட குழப்பத்தை ரோமன் எழுத்து மீட்டுத் தருகிறது. விளக்கம் படித்துச் சிரிப்பதால் வேகம் சற்றுக் குறையும். அதைத் தவிர்க்க முடியாது.

கடைசியில் ஒரு சோதனை. காட்சியை முன்பு பார்த்திராத ஒருவரிடம் ஒலியை அணைத்துக் காட்டுங்கள். கதவு திறக்கும் முன்பே சிரித்தால், எழுத்து முந்திவிட்டது. பார்த்து முடித்து "ஏன்?" என்று கேட்டால், ஒரு வரி விடுபட்டிருக்கிறது. பொம்மையைப் பார்த்துப் புருவம் உயர்த்தி, அடுத்த வரியில் சிரித்தால் எல்லாம் சரி.