அறைத்தோழனின் கை நடுங்கினால்



பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளின் மனக்கவலைகளைக் கேட்டு வழி சொல்வதற்கென்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நேரில் போய்ச் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைகள் இரவில் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதிவிடுவார்கள். அப்படி ஓர் ஆலோசகருக்கு வரக்கூடிய கடிதம் ஒன்றை நாம் இன்று எடுத்துக்கொள்வோம். எழுதுகிறவன் இரண்டாம் ஆண்டு மாணவன். கவலை அவனைப் பற்றியதன்று, அவனுடைய அறைத்தோழனைப் பற்றியது.

“மதிப்பிற்குரிய ஐயா, என் அறைத்தோழனும் என்னைப் போல் தோட்டத்திலிருந்து வந்தவன்தான். சென்ற ஆண்டு ஒரு பாடத்தில் தவறியதிலிருந்து குடிக்கத் தொடங்கினான். முதலில் சனிக்கிழமை மட்டும். இப்போது தினமும். முன்பு ஒரு போத்தல் விஸ்கி ஒரு வாரத்துக்கு வரும். இப்போது இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அவன் தள்ளாடுவதில்லை, சத்தம் போடுவதில்லை. காலையில் மட்டும் கை நடுங்குகிறது, தேநீர் சிந்துகிறது. அலமாரியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது குடிக்கவில்லையாம். இரண்டு நாள் வேர்த்துக் கொட்டியது, தூக்கம் இல்லை, வீட்டில் காய்ச்சல் என்று நினைத்தார்கள் என்றான். வரும் விடுமுறையில் போத்தல்களையெல்லாம் கொட்டிவிட்டு, மூன்று நாள் அவனை அறையிலேயே பூட்டிவைக்கலாமா? விடுதியில் மது கூடாது என்பது விதி. வெளியில் தெரிந்தால் படிப்புப் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.”

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களில் பலர், ‘எவ்வளவு குடிக்கிறான்’ என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான். 700 மில்லிலிட்டர் போத்தல் இரண்டு நாளில் தீர்கிறது என்றால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய எட்டு டின் பீர் குடிப்பதற்குச் சமம். ஆனால் அனுபவமுள்ள ஆலோசகரின் கண் வேறோர் இடத்தில் நிற்கும். காலையில் நடுக்கம், ஒரு மடக்கில் அது நிற்கிறது என்ற அந்த இரண்டு வரிகளில்தான். தள்ளாடவில்லை என்பதை அந்த மாணவன் நல்ல அறிகுறியாக எழுதியிருக்கிறான். உண்மையில் உடல் அந்த அளவுக்கு மதுவுக்குப் பழகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இது எப்படி நேர்கிறது? மது மூளையின் வேகத்தைக் குறைக்கும் பொருள். லாரி ஓடும்போது ஒருவர் ஓயாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். வண்டி நின்றுவிடாமல் இருக்க, மூளை மறுபக்கத்தில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் இப்படியே பழகிய பிறகு, ஒருநாள் பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் என்ன ஆகும்? வண்டி தறிகெட்டு ஓடும். கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் அந்த ஓட்டத்தின் தொடக்கம்.

ஆகவே, பூட்டிவைக்கலாமா என்ற கேள்விக்கு ஆலோசகர் எழுதும் பதில் திட்டவட்டமாக இருக்கும்: “வேண்டாம், தம்பி. போத்தலைக் கொட்டவும் வேண்டாம். மருத்துவர் பார்க்கும்வரை திடீரென்று நிறுத்தச் சொல்லாதே.” குடிக்கிறவனைக் குடிக்கவிடு என்பதா இது என்று நம் நேயர்கள் கேட்கலாம். அப்படியன்று. நிறுத்துவது மருத்துவர் கையில் நடக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

பூட்டிய அறைக்குள் என்ன நடக்கக்கூடும் என்று பார்ப்போம். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு வரும். அதுவரை வலிப்பே வராதவருக்கும் வரலாம். இரண்டாம் நாளுக்குப் பிறகு இன்னும் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள். உடம்பு கொதிக்கும், நெஞ்சு படபடக்கும். லயத்தில் இப்படி ஒருவர் பிதற்றினால் காற்றுக் கருப்பு என்று பூசாரியைத் தேடிப் போவது நாம் அறியாததன்று. ஆனால் இது மருத்துவமனையில் பார்க்க வேண்டிய நோய். கவனிக்காமல் விட்டால் உயிரையே கொண்டுபோகும். குடிக்கிற எல்லாருக்கும் இது வருவதில்லை. காலை நடுக்கம் உள்ளவர்களுக்கும், முன்பு நிறுத்தியபோது துன்பப்பட்டவர்களுக்கும்தான் அபாயம் மிகுதி. தீபாவளிக் காய்ச்சல் எது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மருத்துவர் செய்வது ஒன்றும் மாயவித்தை இல்லை. மூளையின் வேகத்தை அடக்கும் மாத்திரையை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்து, ஒரு வாரம் அளவில் நிறுத்துவார். கூடவே வைட்டமின் பி1 கொடுப்பார். நெடுநாள் குடித்தவர்களின் உடலில் இது குறைந்துபோயிருக்கும், குறைந்தால் நினைவாற்றல் பாழாகும். இந்த மாத்திரையை யாரிடமாவது கடன் வாங்கிக் கொடுக்கக் கூடாது. மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்திவிடும்.

ஆலோசகர் இன்னொன்றையும் கேட்டு எழுதுவார்: “என்றாவது ஓர் இரவு அவனை எழுப்ப முடியாமல் போனதுண்டா?” விடுதிகளில் நிகழும் பெரிய தவறு, ‘தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும்’ என்று விளக்கை அணைத்துவிடுவது. கடைசி மடக்குக்குப் பிறகும் வயிற்றில் இருக்கும் மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். படுக்கும்போது பேசியவன் ஒரு மணி நேரத்தில் நினைவிழக்கலாம். தோளைப் பிடித்துக் குலுக்கியும் கண் திறக்கவில்லை, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லிட்டுப்போயிற்று — இவற்றில் ஒன்று இருந்தாலும் 999க்கு அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி செய்து, பக்கத்திலேயே இருக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடும். கறுப்புக் காப்பியும் தலையில் ஊற்றும் குளிர்நீரும் இரத்தத்தில் உள்ள மதுவைக் குறைப்பதில்லை. வலிப்பு வந்தால் கையில் சாவி திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். அடிபடாமல் பக்கத்துப் பொருள்களை நகர்த்தினால் போதும்.

படிப்புப் போய்விடும் என்ற அச்சத்துக்கு வருவோம். விடுதி விதி இருப்பது உண்மை. அதை மறைத்துப் பேச முடியாது. ஆனால் ஆலோசகர் விடுதிக் காவலர் அல்லர். நம் நாட்டில் ஆலோசகர்களுக்கென்று 1998ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. தம்மிடம் சொல்லப்பட்டதை இரகசியமாகக் காப்பது அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நிலைமை வேறு. அதை அவர்கள் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

தோழனிடம் எப்படிப் பேசுவது? குடித்திருக்கும் இரவில் பேசுவது வீண். நடுக்கம் அடங்கிய பகல் வேளையில், குடிகாரன் என்ற சொல்லை எடுக்காமல், கண்டதை மட்டும் சொல்லலாம். “காலையிலே உன் கை நடுங்குது, தேத்தண்ணி சிந்துது. தீபாவளிக்கு வந்தது காய்ச்சல் இல்லை போலிருக்கு. டாக்டர்கிட்ட போவோம், நானும் வர்றேன்” என்றால் போதும். முதல் நாள் அவன் ஏசிவிட்டுப் போகலாம். ஒரு வாரம் விட்டு மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. விடுமுறைக்கு வந்த பிள்ளை இரண்டாம் நாள் நடுங்கி வேர்த்தால், ஏசுவதைப் பிறகு வைத்துக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் மூன்று கேள்வி கேட்பார்: தினமும் எவ்வளவு குடித்தான், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தான், முன்பு வலிப்பு வந்ததுண்டா. வெட்கப்பட்டு அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துவிடும்.