மேசைமேல் ஒரு புத்தகம்

மேசைமேல் ஒரு கிலோ எடையுள்ள புத்தகம் இருக்கிறது. பூமி அதைச் சுமார் 10 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது. மேசை அதே அளவுக்கு மேலே தள்ளுகிறது. இவற்றைத்தான் பலரும் வினை, எதிர்வினை என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. இரண்டும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுவதால்தான் சமன்படுகின்றன. புத்தகத்தைக் கையால் அழுத்துங்கள்: மேசையின் விசை கூடும், பூமியின் இழுப்பு கூடாது. உண்மையான ஜோடி என்றால் இரண்டும் சேர்ந்தே கூட வேண்டுமே!

பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால், அதன் ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுவதற்கு ஜோடி, புத்தகம் மேசையைத் தள்ளுவது. ஒவ்வொரு ஜோடியிலும் விசைகள் வெவ்வேறு பொருள்கள்மேல் செயல்படுகின்றன. பிறகு எப்படி ஒன்றையொன்று அழிக்கும்? மேசையை விலக்கினால் புத்தகம் விழும். விழும்போதும் அது பூமியை அதே 10 நியூட்டனால் மேல்நோக்கி இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.