தக்காளி விலையும் இரண்டு முக்கோணங்களும்

எரியோட்டைச் சுற்றியுள்ள கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் தக்காளி பழுத்துக் குலுங்கும் காலத்தில், பெட்டிகள் விடியற்பொழுதில் வண்டியேறி அய்யலூர்ச் சந்தைக்குப் போய், அங்கே ஏலத்தில் அன்றைய விலையைப் பெற்றுக்கொண்டு, மதுரைக்கும் திருச்சிக்கும் பிரிந்து செல்வதை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. அந்த விலை யாருக்கு எவ்வளவு நன்மை செய்தது என்பதை அளந்து சொல்ல முடியுமா என்ற வினாவுக்குப் பொருளியலார் கண்ட விடையைத்தான் இன்று தங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். படம் இல்லாமல் சொல்ல வேண்டியிருப்பதால், தாங்கள் கையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் எனக்குப் பாதிச் சிரமம் குறையும்.

தாளின் அடிப்பக்கத்தில் இடமிருந்து வலமாகப் பெட்டிகளின் எண்ணிக்கையையும், இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக ஒரு பெட்டியின் விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு நானே சில எண்களைக் கற்பித்துக்கொள்கிறேன். இவை எந்த ஒரு நாளின் சந்தை நிலவரமும் அல்ல. பதினான்கு கிலோ கொண்ட பெட்டி ஒன்றுக்கு, மிகுந்த அவசரமுள்ள வியாபாரி 500 ரூபாய் வரை கொடுக்கத் தயாராயிருக்கிறார். அவருக்கு அடுத்தவர் சற்றுக் குறைவாக. நானூறாவது பெட்டியை வாங்குகிறவர் 340. எண்ணூறாவது பெட்டியை வாங்குகிறவர் 180. இப்படி இறங்கிவரும் கோடு தேவைக்கோடு. அதே சமயம், பறிகூலி, ஏற்றுகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்த்து, சந்தைக்கு அருகே செழித்து நிற்கும் தோட்டத்துக்குப் பெட்டிக்கு 100 ரூபாய் ஆகிறது. தூரத்துத் தோட்டத்துக்கும் பழம் அருகிப்போன தோட்டத்துக்கும் அதற்கு மேல் ஆகிறது. எண்ணூறாவது பெட்டிக்கு 180 ஆகிவிடுகிறது. இப்படி ஏறிச்செல்லும் கோடு அளிப்புக்கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், 800 பெட்டிகள் 180 ரூபாய்க்கு விற்று முடிகின்றன.

ஏலத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே விலையையே கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயத்தின் நுட்பம் இருக்கிறது. 500 ரூபாய் கொடுக்கத் துணிந்தவரும் 180 தான் கொடுத்தார். அவருக்கு மிஞ்சியது 320. நானூறாவது பெட்டிக்காரருக்கு மிஞ்சியது 160, கடைசிக்காரருக்கு ஒன்றுமில்லை. சராசரியாகப் பெட்டிக்கு 160 வீதம் 800 பெட்டிகளுக்கு 1,28,000 ரூபாய். தேவைக்கோட்டுக்குக் கீழே, 180 ரூபாயில் கிடையாக இழுக்கும் விலைக்கோட்டுக்கு மேலே தங்கள் தாளில் கிடக்கும் முக்கோணத்தின் பரப்பு அதுவே. அதற்கு நுகர்வோர் உபரி என்று பெயர். விலைக்கோட்டுக்குக் கீழே, அளிப்புக்கோட்டுக்கு மேலே இன்னொரு சிறிய முக்கோணம் கிடக்கிறது: முதல் தோட்டத்துக்காரருக்குப் பெட்டிக்கு 80 மிச்சம், கடைசியில் நிற்பவருக்குச் சுழியம், ஆகமொத்தம் 32,000 ரூபாய். அது உற்பத்தியாளர் உபரி. பிரான்சு தேசத்துச் சாலை, பால எஞ்ஜினீயர் ஜூல் துய்ப்புயி, ஒரு பாலத்தால் ஜனங்களுக்கு விளையும் நன்மையை வசூலாகும் சுங்கத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது என்று 1844-இல் எழுதப் புகுந்தபோது இவ்வெண்ணத்துக்கு வித்திட்டார். இங்கிலாந்தின் ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட தம் பெருநூலால் அது எல்லா நாடுகளின் பாடபுத்தகங்களிலும் ஏறியது.

இனி மகசூல் பெருகிய நாளைப் பார்ப்போம். பருவம் வாய்த்து, சந்தைக்கு அண்டையிலுள்ள தோட்டங்கள் அனைத்திலும் ஒரே வாரத்தில் பழம் சிவந்துவிட்டது. எத்தனை பெட்டி கேட்டாலும் 100 ரூபாய்ச் செலவில் கொண்டுவந்து இறக்க முடிகிறது. அளிப்புக்கோடு ஏறுவதை விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. விலை 100 ரூபாய்க்கு வந்து நிற்கிறது; 1,000 பெட்டிகள் விற்கின்றன; அதற்கு மேலுள்ள பழத்தைப் பறிப்பது நஷ்டம் என்று கண்டு செடியிலேயே விட்டு ஆடுமாடுகளை ஓட்டிவிடுகிறார்கள். வாங்குவோரின் முக்கோணம் இப்போது 2,00,000 ரூபாயாக விரிந்துவிட்டது. விற்போரின் முக்கோணம் மறைந்தே போயிற்று. இரண்டையும் கூட்டினால் முன்பு 1,60,000, இப்போது 2,00,000. மொத்த நன்மை 40,000 ரூபாய் வளர்ந்திருக்கிறது என்று கணக்கு சந்தோஷமாகச் சொல்லும். அந்த 40,000-த்தில் 32,000 தூரத்துப் பழத்துக்கு ஆன அதிகச் செலவு மிச்சமானதால் வந்தது. 8,000 கூடுதலாக விற்ற 200 பெட்டிகளால் வந்தது. ஆனால் வாங்குவோர் பெற்ற 72,000 ரூபாய் லாபத்தில் பாக்கி 32,000, நேற்றுவரை தோட்டத்துக்காரர் மடியில் இருந்த பணம். மலிவான காலத்தில் கிராமம் ஏன் முகம் வாடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. தக்காளி மலிந்துவிட்டது என்பதற்காக ஒருவரும் நாலு மடங்கு ரசம் வைத்துக் குடிப்பதில்லையே!

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். உற்பத்தியாளர் உபரி என்பது லாபம் அன்று. அளிப்புக்கோட்டில் நாம் ஏற்றியது, பழம் பழுத்த பிறகு ஆகும் செலவு மாத்திரமே. நாற்று, உரம், மருந்து, களையெடுப்பு ஆகியவற்றுக்குச் செலவிட்ட பணம் பறித்தாலும் பறிக்காவிட்டாலும் போனதுதான் என்பதால், அது அன்றைய தீர்மானத்தில் நுழைவதில்லை. அந்நாளின் பங்குக்கு அச்செலவு 24,000 ரூபாய் என்று வைத்தால், முதல் நாளின் 32,000-த்தில் மெய்யான லாபம் 8,000. இரண்டாம் நாளிலோ 24,000-மும் முழு நஷ்டம்.

மற்றொன்று: ஏலத்தில் நிற்பவர் வியாபாரியே அன்றி, குழம்பு வைக்கும் இல்லத்தரசி அல்லர். அய்யலூரில் விலை விழுந்தும் மதுரைத் தெருக்கடையில் விழாவிட்டால், நாம் நுகர்வோருடையது என்று பெயரிட்ட பெரிய முக்கோணத்தின் கணிசமான பகுதி இடையிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். இரு இடத்து விலைகளையும் ஒரே வாரத்தில் குறித்துப் பார்த்தாலே அது வெளிப்பட்டுவிடும்.

இரண்டு முக்கோணங்களும் சேர்ந்து வளர்வதும் உண்டு. 1997-இலிருந்து 2001-க்குள் கேரளத்தின் வடபகுதிக் கரையோரத்தில் கைப்பேசி வந்து சேர்ந்தபோது, மத்தி மீனோடு கடலிலிருந்து திரும்பும் மீனவர்கள் எந்தத் துறையில் விலை நன்றாயிருக்கிறது என்று படகிலிருந்தே விசாரித்துக் கரையேறலானார்கள். அதற்கு முன், ஒரு துறையில் வாங்க ஆளின்றி மீன் கொட்டப்படுகையில், சில மைல்களுக்கு அப்பால் வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவது சாதாரணம். ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலார் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீன் வீணாவது ஏறத்தாழ அற்றுப்போயிற்று. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. விலையோ 4 சதவீதம் குறைந்தது. அங்கே தட்டுப்பாடும் மிகுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அதனால் செய்தி ஒன்றே இரு தரப்புக்கும் உதவிற்று. அய்யலூரில் மலிவும் ஒட்டன்சத்திரத்தில் கிராக்கியுமாக இருக்கும் நாளில் கைப்பேசி இங்கும் அதே காரியத்தைச் செய்யும். எல்லாச் சந்தைகளும் ஒரே நாளில் நிரம்பி வழிந்தால், எத்தனை பேரோடு பேசினாலும் அந்த 32,000 திரும்பாது.

ஆகவே தக்காளி பயிரிடும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழுத்த பிறகு ஆகும் செலவை ஒரு பக்கத்திலும், அதற்கு முன் ஆன செலவை இன்னொரு பக்கத்திலும் தனித்தனியே எழுதி வையுங்கள். நாளைக் காலை பறிப்பதா வேண்டாமா என்பதை முதல் பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அடுத்த பருவத்திலும் தக்காளியே நடுவதா என்பதை இரண்டு பக்கங்களையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.